திரையில் உள்ள இருப்பும் தரையில் உள்ள இருப்பும்
பாப்பாரப்பட்டி வட்டாரக் கடைச் சிப்பந்திகளுக்கு ஒன்றரை மணி நேரப் பயிற்சி: ஒரு திட்டம்

நியாய விலைக் கடைக்கு நெசவாளர் வீட்டிலிருந்தும் உழவர் வீட்டிலிருந்தும் நாம் அனைவரும் செல்கிறோம். நமது மாநிலத்தில் இக்கடைகளுள் பெரும்பாலானவற்றைக் கூட்டுறவுச் சங்கங்களே நடத்துகின்றன. 2017ஆம் ஆண்டில் மின்னணுக் குடும்ப அட்டை வழங்கப்பட்டது முதல், பொருள் வாங்கியதும் நமது கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வருகிறது. அதே விற்பனை பி.ஓ.எஸ். கருவியின் கணக்கிலும் ஏறிவிடுகிறது. தொடக்க இருப்பு, வரவு, விற்பனை, முடிவு இருப்பு என்று அன்றைய நிலவரத்தை ஒரே பார்வையில் காட்டும் இத்திரையையே டாஷ்போர்டு என்கின்றனர்.

அதைப் பார்க்க அனைவருக்கும் தெரியும். வாசிக்கத் தெரிந்தவர் சிலரே. இருப்பில் குறைவு கண்டால் விற்பனையாளரே அதற்கு ஈடு செய்ய நேரிடும். அந்த அச்சத்தில், வாங்காத பொருளுக்கு ஏதேனும் ஓர் அட்டையில் பட்டியல் போட்டுக் கணக்கை நேராக்கும் எண்ணம் தோன்றுவதுண்டு. அதன் நஷ்டம் அந்த அட்டைதாரரைச் சேரும். ஆகவே குறைவு எங்கிருந்து வந்தது என்று அன்றைக்கே கண்டறியும் பழக்கத்தை உண்டாக்குவதே நாம் வகுத்துள்ள பயிற்சியின் நோக்கமாகும்.

கடை மூடியபின், கடையிலேயே, ஆறு பேருக்கு மிகாமல் அமர வேண்டும். தராசும், காலிச் சாக்கு ஒன்றும், அன்றைய வரவுச் சீட்டும் கையில் இருத்தல் அவசியம். முதற் பத்து நிமிடம் ஒரே ஒரு விஷயத்துக்கு: திரை கடைசியாகப் புதுப்பிக்கப்பட்ட நேரம். அது முற்பகல் பதினொரு மணியைக் காட்டினால், மாலையில் எண்ணிய இருப்போடு அதை ஒப்பிடுவது வீண். இதை மறந்து இல்லாத குறையைத் தேடி இரவெல்லாம் மூட்டை எண்ணுவோர் உண்டு.

அடுத்த ஒரு மணி நேரமும் கணக்குக்கே. பின்வருவன பயிற்சிக்காக நாம் அமைத்த எண்கள். சர்க்கரையின் தொடக்க இருப்பு 310 கிலோ. வரவு பத்து மூட்டை, அதாவது 500 கிலோ. விற்பனை 90 கிலோ. திரை 720 கிலோ இருப்பதாகச் சொல்கிறது. எடை போட்டால் 670 கிலோதான் இருக்கிறது. வித்தியாசம் சரியாக ஐம்பது, ஒரு முழு மூட்டை. சிந்திய பொருளோ தராசின் பிழையோ இவ்வளவு சரியாக ஐம்பதில் வந்து நிற்பது அரிது. பத்து என்று பதிந்துவிட்டு ஒன்பதை இறக்கியிருக்கலாம் என்றே முதலில் ஐயுற வேண்டும். வரவுச் சீட்டை எடுத்து, இறக்கிய மூட்டைகளை எண்ணுக. திரை தானாக எதையும் எண்ணுவதில்லை. நாம் பதிந்ததையே திருப்பிச் சொல்கிறது.

இனி அரிசிக்கு வருவோம். தொடக்க இருப்பு 400 கிலோ, வரவு நாற்பது மூட்டைக்கு 2,000 கிலோ, விற்பனை 900 கிலோ. திரையின்படி 1,500 கிலோ இருக்க வேண்டும். தரையில் 1,477 கிலோ. இந்த 23 கிலோ மூட்டைக் கணக்கில் அடங்காது. ஆனால் வந்த நாற்பது மூட்டைகளால் வகுத்தால், மூட்டைக்கு 575 கிராம் என்று வருகிறது. இப்போது காலிச் சாக்கைத் தராசில் வைக்கச் சொல்ல வேண்டும். சணல் சாக்கு ஏறத்தாழ அதே எடையைக் காட்டும். சாக்கோடு சேர்த்து ஐம்பது கிலோ நிறுத்த மூட்டையை, அரிசி மட்டும் ஐம்பது கிலோ என்று ஏற்றுக்கொண்டோம் என்பது அப்போது விளங்கிவிடும். இதை வாயால் சொல்வதைவிட அவரே வகுத்து, அவரே சாக்கை நிறுத்துக் காண்பது மேல். இந்தப் பகுதிக்கு அரை மணி நேரம் போனாலும் தவறில்லை.

வித்தியாசம் இவ்விரண்டிலும் சேராமல், இன்று ஒன்றரைக் கிலோ கூடுதல், நாளை ஒரு கிலோ குறைவு என்று மாறி மாறி வந்தால், அளந்து போடும் கையையும் தராசின் பூஜ்ஜியத்தையும் பார்க்க வேண்டும். நாள்தோறும் குறைவே வருமாயின், அது கைத்தவறு என்று விட்டுவிடலாகாது.

கடைசி இருபது நிமிடத்தில், பழைய நாளொன்றின் அறிக்கையை ஆளுக்கொன்றாகக் கொடுத்து, காரணத்தை ஒரே வாக்கியத்தில் எழுதச் சொல்லலாம். 'கணக்கில் பிழை' என்று எழுதினால் போதாது. 'ஒரு மூட்டை இறங்கவில்லை, சீட்டைப் பார்க்க வேண்டும்' என்று எழுத வேண்டும்.

திரையில் தெரியாதது ஒன்றுண்டு. பருப்பு வராததால் வெறுங்கையோடு திரும்பியவர் எத்தனை பேர் என்பதை அது காட்டாது. விற்பனை பூஜ்ஜியம் என்றே காட்டும். ஆகவே வாசலருகே ஒரு சிலேட்டை மாட்டி, திரும்பிச் செல்வோர் ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு இடச் செய்யலாம். மாலையில் அந்தக் கோடுகளின் எண்ணிக்கையையும், அன்றைய வித்தியாசத்தையும், அதன் காரணத்தையும் ஒரே நோட்டில் எழுதி, விற்பனையாளரும் எடையாளரும் ஒப்பமிட வேண்டும். இரண்டு வாரம் கழித்து அந்த நோட்டைச் சங்கச் செயலாளர் பார்வையிடுவார். காரணம் எழுதப்படாத நாட்களைப் பற்றி மட்டும் அவர் கேட்டால் போதும்.