வேலை போனவருக்குப் பன்னிரண்டு வாரச் சிகிச்சை

ஆஸ்திரியாவில் வியன்னாவுக்கு அருகே மரியந்தால் என்றொரு ஆலைக் கிராமம். 1929-30-இல் அங்கிருந்த பஞ்சாலையை மூடிவிட்டார்கள். கிட்டத்தட்ட ஊர் முழுக்க வேலை இழந்தது. அங்கே போய்த் தங்கி ஆராய்ந்த மரீ யஹோதாவும் அவருடைய சகாக்களும் 1933-இல் வெளியிட்ட புத்தகத்தில் விசித்திரமான ஒரு அளவீடு உண்டு. ஊரின் பெரிய தெருவில் ஆட்கள் எவ்வளவு வேகமாக நடக்கிறார்கள் என்று மறைந்திருந்து குறித்தார்கள். ஆண்கள் மெதுவாக நடந்தார்கள். நடுவழியில் திரும்பத் திரும்ப நின்றார்கள். பலர் கடிகாரமே எடுத்துப் போவதில்லை. நேரம் கொட்டிக் கிடந்தும், நூலகத்தில் கட்டணத்தை ரத்து செய்தும், படிக்க எடுத்துப்போன புத்தகங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன.

சம்பளத்தைத் தவிர வேலை வேறு பலவற்றையும் தருகிறது என்பது யஹோதா பின்னாளில் விரித்துச் சொன்ன கருத்து. நாளுக்கு ஒரு ஒழுங்கு, வீட்டுக்கு வெளியே நாலு பேர், 'இன்னார்' என்று சொல்லிக்கொள்ள ஒரு இடம். வேலையோடு இவையும் போய்விடுகின்றன. வேலை போன எல்லோருக்கும் மனச்சோர்வு நோய் வருவதில்லை. வந்துவிட்டால், 'அடுத்த வேலை கிடைத்தால் சரியாகிவிடும்' என்று காத்திருப்பது நல்லதில்லை. நோய் முற்றிய ஒருவரால் நேர்காணலுக்குச் சட்டை தேய்த்துப் போட்டுக்கொண்டு போவதுகூட ஆகாது.

இப்படிப்பட்டவர்களுக்குப் பொருந்தும் சிகிச்சைகளில் ஒன்று இன்டர்பெர்சனல் சைக்கோதெரபி, சுருக்கமாக ஐ.பி.டி. 1969-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஜெரால்ட் க்ளெர்மன், மிர்னா வைஸ்மன் முதலியோர் ஒரு மருந்துச் சோதனையைத் தொடங்கினார்கள். மாத்திரையோடு பேச்சு சிகிச்சையும் தர வேண்டியிருந்தது. நல்ல சிகிச்சையாளர்கள் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்று எழுதி முறைப்படுத்தியபோது உருவானதுதான் இது. 1984-இல் கையேடாக வந்தது. வாரம் ஒரு அமர்வு, 12 முதல் 16 அமர்வுகள், அதோடு முடிவு. சிறுவயது நினைவுகளைத் தோண்டுவதில்லை. இப்போது யாரோடு என்ன நடக்கிறது, அது மனநிலையை எப்படித் தொடுகிறது என்பதுதான் பேச்சு. துக்கம், உறவில் பிணக்கு, வாழ்வில் வகிக்கும் இடம் மாறுதல், ஒட்டிப் பழக முடியாத தனிமை ஆகிய நான்கில் ஒன்றையே, அரிதாக இரண்டை, மையமாக எடுப்பார்கள். வேலை இழப்பு பெரும்பாலும் மூன்றாவதில் சேரும்.

சிகிச்சை நடக்கும் விதத்தைக் காட்ட ஒரு மாதிரி நோயாளியை எடுத்துக்கொள்வோம். பயிற்சி வகுப்புகளில் தருவதுபோல வரைந்த கதை இது. தனி ஒருவருடையது அல்ல. வயது 46. ஒரகடம் பக்கம் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் 19 வருடம். கடைசியில் தரக் கட்டுப்பாட்டு சூப்பர்வைசர். கம்பெனி அந்தப் பிரிவை மூடி ஐந்து மாதம் ஆகிறது. செட்டில்மென்ட் பணத்தில் வீட்டுக் கடனை அடைத்துவிட்டார். மனைவி வீட்டில் தையல் வேலை. மகன் கல்லூரியில், மகள் பிளஸ் டூவில். அதிகாலை வேன் பிடித்த பழக்கத்தில் இன்னும் நாலரைக்கு விழிப்பு தட்டுகிறது, எழுந்திருக்கப் பிடிக்கவில்லை. ஆறு கிலோ இளைத்திருக்கிறார். உறவினர் கல்யாணங்களுக்குப் போவதில்லை. 'இப்ப எங்க இருக்கீங்க?' என்று யாராவது கேட்டுவிடுவார்களே.

முதல் மூன்று வாரம் கணக்கெடுப்பு. பி.எச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்வித் தாளில் 27-க்கு 18 வாங்குகிறார். 10-ஐத் தொட்டாலே கவனிக்க வேண்டும். ஒன்பதாவது கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது. அதைத் தாளில் டிக் அடித்ததோடு விடாமல் வாயால் கேட்டாக வேண்டும். திட்டமே வைத்திருந்தால் இந்தச் சிகிச்சையை மட்டும் நம்பக் கூடாது. குடி, தைராய்டு, முன்பு எப்போதாவது தூக்கமே இல்லாமல் அளவுகடந்த உற்சாகத்தில் இருந்த காலம் உண்டா என்பதையும் பார்ப்பார்கள். அப்படியொரு காலம் இருந்தால் அது வேறு நோய், மருந்தும் வேறு.

பிறகு சிகிச்சையாளர் நேராகவே சொல்கிறார்: "சார், உங்களுக்கு வந்திருக்கிறது நோய். சோம்பலும் இல்லை, கையாலாகாத்தனமும் இல்லை. டைபாய்டு வந்தவரை ஏன் மூட்டை தூக்கலைன்னு யாரும் கேட்க மாட்டாங்க." கேட்க எளிதாகத் தெரிந்தாலும் ஐ.பி.டி.யில் இது ஒரு மருந்துச் சீட்டு மாதிரி. சில வாரங்களுக்கு வீட்டில் அவரிடமிருந்து என்ன எதிர்பார்க்கலாம், என்ன கூடாது என்பதை மனைவியையும் வைத்துக்கொண்டு பேசுவார்கள். கூடவே உறவுப் பட்டியல்: யார் யாரோடு பேசுகிறார், யாரிடம் கடன் கேட்க முடியும், யாரைக் கண்டால் ஒதுங்குகிறார். பழைய ஷிப்ட் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவை மூன்று மாதமாகத் திறக்கவில்லை என்பது இந்தப் பட்டியலில்தான் தெரியவருகிறது.

மூன்றாவது அமர்வின் முடிவில் சிகிச்சையாளர் தன் கணிப்பை ஒரு வாக்கியத்தில் வைத்து, ஒப்புக்கொள்கிறாரா என்று கேட்கிறார். கம்பெனி சூப்பர்வைசர் என்ற இடம் போனது. புது இடம் எதுவென்று தெரியவில்லை. அந்த இடைவெளியில் நோய் பிடித்துக்கொண்டது. இனி ஒன்பது வாரம் இதைப் பற்றியே பேசுவோம். இங்கே ஒரு தவறு நேரலாம். கணவன் மனைவி சண்டை வேலை போவதற்குப் பல வருடம் முன்பே இருந்திருந்தால் மையம் பிணக்காக இருக்க வேண்டும். எது முதலில் வந்தது என்று தேதி வாரியாகக் கேட்பதுதான் கண்டுபிடிக்கும் வழி.

நடுவில் வரும் வாரங்கள்தான் சிகிச்சையின் சாரம். அனுபவம் குறைந்தவர்கள் இங்கே பொறுமை இழந்து பயோடேட்டா திருத்தப் போய்விடுகிறார்கள். பழைய இடத்துக்குத் துக்கம் காக்காமல் புது இடத்துக்கு நகர முடியாது என்பது ஐ.பி.டி.யின் பிடிவாதம். முதலில் எதை இழந்தார் என்று கேட்கிறார் சிகிச்சையாளர். நம்மவர் சொல்வதெல்லாம் பொற்காலம்: கேன்டீன், ஆயுத பூஜை, அவர் கையெழுத்து இல்லாமல் லாரி கிளம்பாது. அடுத்த கேள்வி, "அங்க உங்களுக்குப் பிடிக்காதது என்ன?" நீண்ட நேரம் பதில் இல்லை. பிறகு மெல்ல வருகிறது. மாதத்தில் பாதி இரவு ஷிப்ட். வாடிக்கையாளர் ஆடிட் வந்தால் இரண்டு நாள் சோறு இறங்காது. மகள் மூன்றாம் வகுப்பில் ஆடிய நடனத்தை வீடியோவில்தான் பார்த்தார். நல்லதும் கெட்டதும் கலந்ததாகப் பழைய வேலை தெரியத் தொடங்கினால் சிகிச்சை நகர்கிறது என்று பொருள். ஆறாம் வாரத்திலும் அது சொர்க்கமாகவே இருந்தால் ஏதோ சொல்லப்படாமல் இருக்கிறது.

இவரிடம் சொல்லப்படாமல் இருந்தது கடைசி நாள். மதியம் எச்.ஆர். கூப்பிட்டு, மகன் வயது அதிகாரி ஒருவர் தாளை நீட்டினார். நாலு மணிக்கு ஐ.டி. கார்டை கேட்டில் கொடுத்தார். தினமும் வணக்கம் வைத்த செக்யூரிட்டி பையைத் திறந்து காட்டச் சொன்னார். ஐந்து மாதமாக யாரிடமும் சொல்லாத இதை ஐந்தாவது அமர்வில் சொல்லி அழுகிறார். வேலை எப்படிப் போனது என்பதை விவரமாகப் பேசவைப்பது இந்த முறையில் விடக்கூடாத படி. போனதன் வலியும் போன விதத்தின் அவமானமும் வேறு வேறு. அவமானத்துக்கு அடியில் கோபம் இருக்கும். அது கம்பெனி மேல் போகாமல் தன் மேலேயே திரும்பியிருக்கும்.

ஒவ்வொரு அமர்வும் ஒரே கேள்வியில் தொடங்கும்: "போன வாரம் பார்த்ததிலிருந்து எப்படி இருந்தீங்க?" ஏழாவது வாரம், "மோசம், செவ்வாய்க்கிழமையிலிருந்து" என்கிறார். செவ்வாயன்று என்ன நடந்தது? மனைவி தையல் மெஷினில் உட்கார்ந்தபடி, "ஏங்க, சும்மாதானே இருக்கீங்க, கேஸ் புக் பண்ணிடுங்களேன்" என்றார். இவர் ஒன்றும் சொல்லாமல் மாடிக்குப் போனார். இரண்டு நாள் பேச்சில்லை. இதைச் சொல்லுக்குச் சொல் திரும்ப ஓட்டிப்பார்க்கச் சொல்கிறார் சிகிச்சையாளர். நீங்கள் என்ன கேட்டீர்கள்? 'தண்டச்சோறு' என்று கேட்டது. அவர் சொன்னது? கேஸ் புக் பண்ணச் சொன்னது. உங்கள் மனதில் பட்டது அவருக்கு எப்படித் தெரியும்? தெரியாது. என்ன சொல்லியிருக்கலாம்? அங்கேயே, சிகிச்சையாளர் மனைவியாக இருக்க, நாலு தடவை சொல்லிப் பார்க்கிறார். முதல் தடவை அது வசையாக வருகிறது. நாலாவது தடவை, "அந்த 'சும்மா' எனக்கு வலிக்குதும்மா, வேலை சொல்லு, செய்யறேன்" என்று வருகிறது. அடுத்த வாரம் வீட்டில் நிஜமாகவே சொன்னார். மனைவியின் பதில் அவர் எதிர்பாராதது: எதைச் சொன்னாலும் மனம் உடைந்துவிடுமோ என்று பயந்து மூன்று மாதமாக அளந்து அளந்து பேசிக்கொண்டிருந்தாராம்.

புது இடம் என்பது புது வேலை அல்ல. வேலை தேடும் காலமே ஒரு இடம். அதற்கென்று ஆட்களும் திறமையும் வேண்டும். வாட்ஸ்அப் குழுவைத் திறந்தபோது பி.எஃப். பணத்தை ஆன்லைனில் எடுக்கத் தெரியாமல் பாதிப் பேர் தவித்துக்கொண்டிருந்தார்கள். இவர் ஏற்கெனவே எடுத்தவர். நாலைந்து பேருக்கு உட்கார்ந்து செய்து கொடுத்தார். அந்த வாரம் கேள்வித்தாளில் 13. பத்தாவது வாரம் சிறிய தொழிற்சாலை ஒன்றில் காண்ட்ராக்ட் வேலை வந்தது, பழைய சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு. மச்சான் ஹார்டுவேர் கடைக்குக் கூப்பிட்டார். சிகிச்சையாளர் எதையும் சிபாரிசு செய்யவில்லை. ஒவ்வொன்றிலும் என்ன கிடைக்கும், யாரோடு பேச வேண்டும் என்று மட்டும் விரித்துக் காட்டினார். தொழிற்சாலைக்குப் போக முடிவு செய்தார். சம்பளம் இன்னும் உறுத்துகிறது.

சிகிச்சைக்கு எல்லைகள் உண்டு. வாடகைக்குப் பணம் இல்லாதவருக்கு வாரம் ஒரு மணி நேரப் பேச்சு வாடகை ஆகாது. நோய் கடுமையாக இருந்தால் மருந்தும் வேண்டும். 1989-இல் வெளியான, சுமார் 250 பேர் பங்கேற்ற அமெரிக்க அரசு ஆய்வில், கடும் நோயாளிகளிடம் ஐ.பி.டி. போலி மாத்திரையைவிட நன்றாக வேலை செய்தது. லேசான நோயில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பயிற்சி பெற்றவர்கள் குறைவு என்பது அடுத்த தடை. ஆனால் உகாண்டாவில் 30 கிராமங்களில் நடந்து 2003-இல் வெளியான ஆய்வில், மருத்துவர் அல்லாத உள்ளூர்க்காரர்களே பயிற்சி பெற்று 16 வாரம் குழுவாக இதை நடத்தினார்கள். சிகிச்சை கிடைத்த கிராமங்களில் ஆய்வில் பங்கேற்றவர்களிடையே மனச்சோர்வு 86 சதவீதத்திலிருந்து 6.5-க்கு இறங்கியது, கிடைக்காத கிராமங்களில் 94-லிருந்து 55 அளவில் நின்றது. உலக சுகாதார நிறுவனம் 2016-இல் இந்தக் குழு முறைக்குக் கையேடு வெளியிட்டது.

கடைசி இரண்டு அமர்வு விடைபெறுவதற்கு. நம்மவர் 8-க்கு வந்திருக்கிறார்; முழுக் குணம் என்றால் 5-க்குக் கீழே வர வேண்டும். அமர்வு முடிகிறதே என்ற வருத்தம் நோய் திரும்புவது போலவே தோன்றும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். பன்னிரண்டு வாரத்தில் ஒன்றுமே நகரவில்லை என்றால், சிகிச்சை பலிக்கவில்லை, வேறு பார்ப்போம் என்று சொல்ல வேண்டுமே தவிர, 'நீங்கள் ஒத்துழைக்கவில்லை' என்ற தொனி வரக் கூடாது. நோய் அடிக்கடி திரும்புகிறவர்களுக்கு மாதம் ஒரு அமர்வு வீதம் நீட்டிக்கலாம். பிட்ஸ்பர்கில் 128 பேரை மூன்று வருடம் தொடர்ந்து, 1990-இல் வெளியான ஆய்வில், மாதாந்திர அமர்வு நோய் திரும்புவதை ஓரளவு தள்ளிப்போட்டது. மருந்து அதைவிட அதிகம் காத்தது. இவருக்கு இது முதல் தடவை என்பதால் மூன்று மாதம் கழித்து ஒரு சந்திப்பு போதும் என்று முடிவானது. அதற்குள் நாலரை மணி விழிப்பு, சாப்பாடு குறைவது, போனை எடுக்காமல் விடுவது ஆகிய மூன்றில் இரண்டு ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தால், காத்திருக்காமல் மனைவியே போன் செய்வதாக ஏற்பாடு.