பத்து சென்டில் நின்றுபோன எல்லைகள்

பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்துத் திருப்புறம் போன்ற கேரள ஊராட்சிகளில் எந்தச் சாதியினர் எங்கே குடியிருக்கிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ள, இன்றைய வாடகை நிலவரத்துக்கு முன்பாக 1970 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த நிலச்சீர்திருத்தத் திருத்தச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். அச்சட்டம் குத்தகைக்குப் பயிரிட்டவர்களை அந்நிலத்துக்கே உரிமையாளராக்கியது. வயலில் கூலிவேலை செய்த புலையர், சாம்பவர் முதலிய தலித் மக்களில் பெரும்பாலோர் குத்தகைதாரராகவே இருந்ததில்லை என்பதால், அவர்களுக்குக் கிடைத்தது குடிகிடப்பு உரிமை மட்டுமே. பிறர் நிலத்தில் குடிசை போட்டிருப்பவர் அந்த மனையைக் குறைந்த விலைக்கு வாங்கிக்கொள்ளும் இவ்வுரிமை, ஊராட்சிப் பகுதியில் 10 சென்ட் வரை செல்லும். நகரப் பகுதியில் அதைவிடக் குறைவு. தனக்கு அந்த இடம் தேவை என்று நிலவுடைமையாளர் காட்டினால், குடிசைக்காரரை வேறொரு மனைக்கு மாற்றவும் சட்டம் வழிவிட்டதால், மனை அமையும் இடத்தைத் தீர்மானிப்பதில் அவர் கையே ஓங்கியிருந்தது.

1972இல் அமைச்சர் எம்.என். கோவிந்தன் நாயர் தொடங்கிய லட்சம்வீடு திட்டம், நிலமற்ற தொழிலாளருக்காக ஊராட்சிதோறும் சுமார் நூறு வீடுகளை, ஒரே சுவரை இரண்டு குடும்பங்கள் பகிரும் இரட்டை வீடுகளாகக் கட்ட முனைந்தது. கூரை கிடைத்ததென்னவோ உண்மை. ஆயினும் ஏழைகளை ஒரே இடத்தில் சேர்த்ததால், முகவரியைச் சொன்னாலே வருமானமும் பெரும்பாலும் சாதியும் தெரிந்துவிடும் நிலை உருவாயிற்று. 10 சென்ட் மூன்று பிள்ளைகளுக்குப் பிரிந்தால் ஆளுக்கு மூன்றேகால் சென்டுக்குச் சற்றே கூடுதலாகத்தான் வரும். அதில் இன்னொரு வீட்டுக்கு இடமில்லாதபோது அடுத்த தலைமுறை வாடகை வீடு தேட வேண்டியதாகிறது.

அந்தத் தேடலில் முதல் தடை வீட்டுக்காரரின் விசாரணை. தில்லிப் பகுதியில் பொருளியலறிஞர் சுகதேவ் தோரட் குழுவினர் நடத்திய ஆய்வில், தொலைபேசியில் வீடு கேட்டவர்களுள் தலித்துகளில் 18 விழுக்காட்டினரும் முஸ்லிம்களில் 31 விழுக்காட்டினரும் நேரடியாக மறுக்கப்பட்டனர். உயர்சாதியினருக்கு அப்படி மறுப்பே வரவில்லை. பாகுபாட்டைத் தடைசெய்யும் அரசியலமைப்பின் 15(2)ஆம் பிரிவு கடை, உணவகம், கிணறு, குளம் ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது, வாடகை வீட்டைக் குறிப்பிடவில்லை. 1965ஆம் ஆண்டுக் கேரள வாடகைச் சட்டமோ குடியேறிய பிறகு வரும் வாடகை உயர்வையும் வெளியேற்றத்தையும் ஒழுங்குபடுத்துகிறதே தவிர, யாருக்கு வீடு கொடுக்க மறுக்கலாகாது என்று சொல்வதில்லை. காரணம் கூறாமல் மறுக்கும் வீட்டுக்காரர்மீது வழக்குத் தொடுப்பது, இதனால் அரிதினும் அரிதாகிறது.

இத்தகைய குடியிருப்புகளின் பெயரில் ‘காலனி’ என்ற சொல்லைத் தவிர்க்குமாறு 2024 ஜூனில் கேரள அரசு ஆணையிட்டது. அது அவமானத்தைக் குறைக்கும், மனையின் இருப்பிடத்தை மாற்றாது. லைஃப் மிஷன் போன்ற திட்டங்களில் நிலமற்றோருக்கு மனை தேடும் ஊராட்சிகள், ஒரே ஓரத்தில் மொத்தமாக வாங்காமல், பல வார்டுகளில் ஏற்கெனவே ஆள் குடியிருக்கும் தெருக்களிலேயே சிறுசிறு மனைகளாக வாங்க வேண்டும். செலவும் பேச்சுவார்த்தையும் கூடுதலாகலாம்; ஆனால் அரை நூற்றாண்டுக்கு முன் அரசின் சட்டமும் திட்டமும் நிலைநிறுத்திய பிரிவினையை அரசே திருத்துவதற்கு இதுவே நேரான வழி.