போனில் வரும் வைஃபை வாட்சில் ஏன் வரவில்லை?

ஸ்மார்ட் வாட்சை வீட்டு வைஃபையில் சேர்க்க முயன்று அலுத்துப்போனவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "போனில் நன்றாக வருகிறதே, வாட்சில் மட்டும் ஏன் வரவில்லை?" அதே வீடு, அதே ரூட்டர், அதே பாஸ்வேர்டு. ஆனால் வாட்சின் ஆப்பைத் திறந்து தேடினால், பட்டியலில் எதிர்வீட்டு வைஃபை பெயர் இருக்கிறது, நம் வீட்டுப் பெயர் இல்லை. அல்லது பெயர் இருக்கிறது, பாஸ்வேர்டு கொடுத்தபின் இணைய மறுக்கிறது. போனில் வருகிறது என்பது இங்கே எதற்கும் சாட்சியில்லை. ஏன் என்று புரிந்துகொள்ள, ஆப் எந்த இடத்தில் வேலையை முடித்துக்கொண்டு ஒதுங்குகிறது என்று தெரியவேண்டும்.

அதற்கு முன் ஒன்றைச் சரிபார்த்துவிட வேண்டும். கையில் இருக்கும் கருவியில் வைஃபை இருக்கிறதா? ஷாவ்மியின் மி பேண்ட் போன்ற மெல்லிய ஃபிட்னெஸ் பேண்டுகளில் ப்ளூடூத் மட்டும்தான் உண்டு. அவற்றின் ஆப்பில் வைஃபை என்ற பகுதியே இருக்காது, தேடிப் பயனில்லை. ஒரே மாடலிலும் வேறுபாடு வரும். கார்மின் நிறுவனத்தின் ஃபோர்ரன்னர் 245 வாட்சில் வைஃபை கிடையாது. அதன் இன்னொரு வடிவமான 245 மியூசிக் வாட்சில் உண்டு. பார்வைக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான்.

பாட்டு கேட்கும் வாட்சுக்கு மட்டும் வைஃபை வைத்ததற்குக் காரணம் தரவின் அளவு. ஒரு மணி நேரம் ஓடியதன் பதிவு, நாடித்துடிப்பும் ஜிபிஎஸ் தடமும் சேர்த்து, சில நூறு கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். அதற்கு ப்ளூடூத் தாராளம். நான்கு நிமிடப் பாட்டு ஒன்று சுமார் 4 மெகாபைட். ஐம்பது பாட்டு என்றால் 200 மெகாபைட். ப்ளூடூத் வழியாக நொடிக்கு 30 கிலோபைட் போகிறது என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். வைஃபையில் நொடிக்கு 1 மெகாபைட் கிடைத்தாலே நான்கு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அந்த வேகத்துக்கு விலை உண்டு. குறைமின் ப்ளூடூத் சில்லு ஒன்று அலை அனுப்பும்போது சில மில்லி ஆம்பியர் மின்சாரம் இழுக்கிறது. வைஃபை நூறு மில்லி ஆம்பியரைச் சுலபமாகத் தாண்டும். சில நூறு மில்லி ஆம்பியர்-மணி பேட்டரியோடு பல நாள் ஓடவேண்டிய வாட்சுக்கு இது பெரிய செலவு. அதனால் ஃபோர்ரன்னர் போன்ற வாட்சுகள் எப்போதும் ப்ளூடூத்தில் போனோடு தொடர்பில் இருக்கும். வைஃபையைத் தேவைப்படும்போது மட்டும் எழுப்பி, வேலை முடிந்ததும் அணைத்துவிடும். வைஃபை இணைப்பை ஏற்படுத்தித் தருவதுகூட ப்ளூடூத் வழியாகத்தான்.

245 மியூசிக் வாட்சையே எடுத்துக்கொள்வோம். போனில் கார்மின் கனெக்ட் ஆப்பில் வாட்சைத் தேர்ந்தெடுத்து, `General` என்பதற்குள் `Wi-Fi Networks`, அதற்குள் `Add a Network` என்று போகவேண்டும். ப்ளூடூத் இணைப்பு உயிரோடு இருந்தால்தான் இது நடக்கும். பட்டியலில் பெயரைத் தொட்டு பாஸ்வேர்டு தட்டினால், பெயரும் பாஸ்வேர்டும் ப்ளூடூத் வழியாக வாட்சுக்குள் போய்ச் சேமிக்கப்படுகின்றன. ஆப்பின் வேலை அத்தோடு சரி. அதற்குப் பிறகு பேச்சு வாட்சுக்கும் ரூட்டருக்கும் இடையில் மட்டும். இடையில் போன் இல்லை. போனுக்கு இருக்கும் திறமை எதுவும் வாட்சுக்குக் கைகொடுக்காது.

இந்தக் கட்டத்தில் ஆண்ட்ராய்டு போனில் ஆப் இருப்பிட அனுமதி கேட்டால் பலர் சந்தேகப்பட்டு மறுத்துவிடுகிறார்கள். சந்தேகம் நியாயமானதுதான். சுற்றிலும் என்னென்ன வைஃபை, ப்ளூடூத் கருவிகள் இருக்கின்றன என்று தெரிந்தால் ஒருவர் எங்கே இருக்கிறார் என்று ஊகித்துவிடலாம். அதனால்தான் 2015-ல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல் அந்தத் தேடலை இருப்பிட அனுமதியின்கீழ் வைத்தார்கள். ஆண்ட்ராய்டு 12-லிருந்து `Nearby devices` என்ற தனி அனுமதியும் வந்தது. மறுத்திருந்தால் ஆப்பால் வாட்சைக் கண்டுபிடிக்க முடியாமல் போகலாம். இணைக்கும்போது கொடுத்துவிட்டு, "ஆப்பைப் பயன்படுத்தும்போது மட்டும்" என்று வரம்பு வைத்துக்கொள்வது என் பரிந்துரை.

இப்போது பெயர் தெரியாத சிக்கலுக்கு வருவோம். பல ஆப்களில் அந்தப் பட்டியல் வாட்ச் தன் சொந்த ஆன்டெனாவால் தேடிச் சொன்னது. வீட்டு ரூட்டர்கள் இன்று 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளில் ஒலிபரப்புகின்றன. போன் இரண்டையும் கேட்கும். 245 மியூசிக், ஃபிட்பிட் வெர்சா, ஆப்பிள் வாட்சில் சீரிஸ் 5 வரை வந்தவை ஆகியவற்றுக்கு 2.4 மட்டும்தான் கேட்கும். ப்ளூடூத்தும் அதே 2.4-ல் இயங்குவதால், ஒரே சில்லும் ஒரே ஆன்டெனாவும் இரண்டு வேலையையும் மாற்றி மாற்றிச் செய்துவிடலாம். வாட்சின் சின்னப் பெட்டிக்குள் இது பெரிய மிச்சம். இன்னொரு அலைவரிசை என்றால் அதற்கான பாகங்களும் இடமும் மின்சாரமும் வேண்டும்.

ஆகவே வீட்டில் இப்படி நடந்திருக்கும்: ஃபைபர் இணைப்பு கொடுக்க வந்தவர் இரண்டு பெயர் வைத்திருப்பார், ஒன்றின் கடைசியில் 5G என்று இருக்கும். வேகம் நன்றாக இருப்பதால் எல்லோருடைய போனும் அதிலேயே தங்கிவிட்டது. இன்னொரு பெயரை யாரோ ஒருவர் வேண்டாமென்று அணைத்தும் வைத்திருப்பார். வாட்ச் தேடும்போது அதற்கு ஒன்றும் கேட்பதில்லை. ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் உள்ள முகவரியை, பெரும்பாலும் `192.168.1.1`, போனின் பிரவுசரில் தட்டி உள்ளே போய் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை இயக்கினால் பெயர் பட்டியலுக்கு வந்துவிடும்.

இயக்கியும் வரவில்லையென்றால் சேனலைப் பார்க்கவேண்டும். 2.4-ல் இந்திய ரூட்டர்கள் 1 முதல் 13 வரை எந்தச் சேனலையும் எடுக்கலாம். அமெரிக்காவில் விற்கும் கருவிகள் வழக்கமாக 11-ஐத் தாண்டுவதில்லை. அங்கிருந்து உறவினர் வாங்கிவந்த வாட்ச், 13-ல் ஒலிபரப்பும் ரூட்டரைப் பார்க்காமலே போகலாம். சேனலைத் தானியங்கியிலிருந்து மாற்றி 1, 6, 11 ஆகிய மூன்றில் ஒன்றில் நிறுத்தினால் போதும். இவை ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் என்பது கூடுதல் லாபம்.

பெயர் தெரிந்தும் இணையவில்லை என்பது வேறு கதை. நாம் தட்டிய பாஸ்வேர்டை வாட்ச் காற்றில் ரூட்டருக்கு அனுப்புவதில்லை. WPA2 முறையில் பாஸ்வேர்டையும் வைஃபை பெயரையும் கலந்து, 4096 சுற்றுக் கணக்குப் போட்டு, இருபுறமும் தனித்தனியாக ஒரு சாவியை உருவாக்குகின்றன. பிறகு நான்கு செய்திகள் பரிமாறி, சாவியை வெளியில் காட்டாமலே இருவரிடமும் இருப்பது ஒன்றுதான் என்று நிரூபித்துக்கொள்கின்றன. ஒரு எழுத்து பிசகினாலும் நிரூபணம் உடைந்துவிடும். பிசகு எந்த எழுத்தில் என்று இருவருக்குமே தெரியாது. வாட்சில் வரும் செய்தி "இணைக்க முடியவில்லை" என்று மொட்டையாக இருப்பது இதனால்தான். போனின் விசைப்பலகை முதல் எழுத்தைத் தானாகப் பெரிதாக்குவதும், கடைசியில் ஓர் இடைவெளியைச் சேர்ப்பதும் அடிக்கடி நடக்கும் பிசகுகள். பாஸ்வேர்டைக் காட்டும் கண் சின்னத்தைத் தொட்டுப் படித்துவிட்டு அனுப்புவது நல்லது.

பெயரும் கணக்கில் கலப்பதால், பாஸ்வேர்டை மாற்றாமல் வைஃபை பெயரை மட்டும் மாற்றினாலும் பழைய சாவி செல்லாது. மாறாக, புது ரூட்டர் வாங்கும்போது பழைய பெயர், பழைய பாஸ்வேர்டு, பழைய பாதுகாப்பு முறை மூன்றையும் அப்படியே வைத்தால் வாட்சைத் தொடவே வேண்டாம். பெயரைத் தமிழில் வைக்க விரும்புகிறவர்கள் ஒரு வரம்பைத் தெரிந்துகொள்ளலாம். வைஃபை பெயருக்கு 32 பைட்தான் இடம். கணினிக் குறியீட்டில் தமிழ் எழுத்தின் மெய், புள்ளி, கொம்பு ஒவ்வொன்றும் 3 பைட் எடுக்கும். "எங்கள் வீடு" என்பது 31 பைட், பொருந்திவிடும். அதன்பின் இடைவெளியும் ஓர் எண்ணும் சேர்த்தால் 33, இடமில்லை.

பாஸ்வேர்டு சரியாக இருந்தும் மறுத்தால் பாதுகாப்பு முறையைச் சந்தேகிக்கவேண்டும். 2018-ல் வந்த WPA3 சாவியை வேறு விதமாக உருவாக்குகிறது. ரூட்டரில் WPA3 மட்டும் என்று வைத்திருந்தால், அந்த முறை தெரியாத வாட்ச் உள்ளே வரமுடியாது. இரண்டையும் ஏற்கும் WPA2/WPA3 என்ற தேர்வை வைக்கலாம். அதுவும் சில வாட்சுகளுக்கு ஒத்துவராது. அப்போது ரூட்டரின் விருந்தினர் வைஃபையை 2.4-ல், WPA2-வில் தனியாகத் திறந்து வாட்சுக்குக் கொடுப்பது நல்ல வழி. வாட்சுக்காக வீட்டு வைஃபையைப் பாஸ்வேர்டே இல்லாமல் திறந்துவிடுவதை நான் ஏற்கமாட்டேன்.

குற்றம் வாட்சிலா ரூட்டரிலா என்று பிரித்துப் பார்க்க ஒரு சோதனை உண்டு. வீட்டில் இன்னொருவரின் போனில் ஹாட்ஸ்பாட்டை 2.4 கிகாஹெர்ட்ஸில் இயக்குங்கள். ஐபோன் 12 முதல் வந்தவற்றில் `Maximize Compatibility` என்ற தேர்வு இதைச் செய்யும். ஆண்ட்ராய்டில் ஹாட்ஸ்பாட் அமைப்புக்குள் அலைவரிசையைத் தேர்ந்தெடுக்கலாம். எளிய பாஸ்வேர்டு ஒன்றை வைத்து, வாட்சின் ஆப் வழியாக அந்த ஹாட்ஸ்பாட்டைச் சேர்த்துப் பாருங்கள். சேர்ந்துவிட்டால் வாட்சின் வைஃபை நன்றாக இருக்கிறது. ரூட்டரின் அமைப்பைத்தான் திருத்தவேண்டும். அங்கும் சேரவில்லை என்றால் வாட்சை ஒருமுறை அணைத்து இயக்கி, மென்பொருளைப் புதுப்பித்து, அதன்பின் சர்வீஸ் சென்டருக்குப் போகலாம்.

விடுதியிலும் விமான நிலையத்திலும் இந்தத் திருத்தங்கள் எதுவும் பலிக்காது. அங்கே வைஃபையில் சேர்ந்தபின் ஒரு வலைப்பக்கம் திறந்து அறை எண்ணோ ஓடிபியோ கேட்கும். அந்தப் பக்கத்தைத் திறக்க 245 மியூசிக் போன்ற வாட்சில் பிரவுசர் இல்லை. பயனர் பெயர் கேட்கும் அலுவலக வைஃபையும் இப்படித்தான். அங்கெல்லாம் ஹாட்ஸ்பாட்டை நம்பலாம், அல்லது ப்ளூடூத்தோடு இருந்துவிடலாம்.

எல்லாம் முடிந்தபின், ரூட்டரின் பக்கத்தில் இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலைத் திறந்து வாட்சைக் காணோமே என்று சிலர் மறுபடி தொடங்கிவிடுகிறார்கள். வைஃபையை அணைத்து உறங்கும் வாட்ச் அந்தப் பட்டியலில் இருக்காது. அதுதான் அதன் இயல்பு. உண்மையில் இணைந்ததா என்று பார்க்க, ஒரு நடைப் பதிவை முடித்துவிட்டு, போனின் ப்ளூடூத்தை அணைத்து, வாட்சிலிருந்தே சிங்க் கொடுங்கள். சற்று நேரத்தில் அந்த நடை ஆப்பில் வந்திருந்தால், அது ரூட்டர் வழியாகத்தான் போயிருக்கிறது. சோதித்த பிறகு ப்ளூடூத்தை மறக்காமல் இயக்கிவிடவேண்டும். போனுக்கு வரும் அழைப்பையும் செய்தியையும் வாட்சுக்குக் கொண்டுவருவது அதுதான்.