ஓசிஐ ஃபாரமை யாருக்காவது நிரப்பித் தருகிறீர்களா?

"நீ ஐடில தானே இருக்க, எனக்கு ஓசிஐ ஃபாரமை ஃபில் பண்ணிக் குடுப்பா." நம்ம வீடுகளில் அடிக்கடி கேட்கிற வேண்டுகோள் இது. கேட்கிற கசின் தன் விவரம் எதையும் அனுப்பியிருக்க மாட்டார். ஃபாரம் என்ன கேட்கும் என்பது உங்களுக்கும் தெரியாது. பலரும் உடனே ociservices.gov.in-ஐத் திறந்து, தெரிந்த வரை டைப் பண்ண ஆரம்பிப்பார்கள். அதைச் செய்யாதீங்க. ஆன்லைனில் கடைசி சப்மிட் கொடுத்த பிறகு அந்த விண்ணப்பத்தைத் திருத்த முடியாது.

முதலில் ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்க. இடது பக்கம் ஃபாரம் கேட்கும் விவரம், வலது பக்கம் அது எந்த ஆவணத்திலிருந்து வருகிறது என்பது. உங்க ஞாபகமும் வாட்ஸ்அப்பில் வந்த பதிலும் ஆவணம் ஆகாது. கசினிடம் கேட்க வேண்டியது முக்கியமாக மூன்று: அவருடைய அமெரிக்க பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ், அப்பா அல்லது அம்மாவின் பழைய இந்திய பாஸ்போர்ட். மூன்றாவது எதற்கு என்றால், இங்கே பிறந்தவர்களுக்கு ஓசிஐ தகுதி பெரும்பாலும் பெற்றோர் வழியாகத்தான் வருகிறது.

தேதியை எடுத்துக்குவோம். கசின் பிறந்தது 2001 ஜூலை 4 என்று வைங்க. நியூ ஜெர்சி சான்றிதழில் 07/04/2001 என்று இருக்கலாம். இந்திய ஃபாரமில் நாள் முன்னால், மாதம் பின்னால். அப்படியே டைப் பண்ணினால் அது ஏப்ரல் 7 ஆகிவிடும். அதுவும் சரியான தேதிதான் என்பதால் எந்த எர்ரரும் வராது. ஜூலை 25 ஆக இருந்திருந்தால் 25-வது மாதம் இல்லையே, உடனே மாட்டியிருக்கும். அதனால தேதியை பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுதுங்க. அதில் மாதம் எழுத்தில் இருக்கும்: 04 JUL 2001.

அடுத்து அப்பா பெயர். நம்ம ஊரில் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். அதனால் பழைய இந்திய பாஸ்போர்ட்டில் Surname கட்டம் காலியாக இருந்து, முழுப் பெயரும் Given Name-ல் இருக்கலாம். அமெரிக்க விசாவில் அந்தப் பெயர் Surname-க்குப் போய், Given Name இடத்தில் FNU என்று வந்திருக்கும். முதல் பெயர் தெரியாது என்பதற்கான சுருக்கம் அது, பெயர் இல்லை. சில சமயம் அதுவே பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் வரை போய்விடும். இரண்டு ஆவணத்தில் அப்பா பெயர் இரண்டு மாதிரி இருந்தால் நீங்களாக ஒன்றைத் தேர்ந்தெடுக்காதீங்க. இரண்டையும் தாளில் எழுதி, பெயர் மாறியதற்கு என்ன காகிதம் இருக்கிறது என்று அப்பாவிடமே கேளுங்க.

வலது பத்தியில் ஒரு வரி காலியாக இருந்தாலும் ஃபாரம் இன்னும் தயாரில்லை. கசினுக்கு அந்தக் காலி வரிகளை மட்டும் அனுப்புங்க. எல்லாம் வந்த பிறகு அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து டைப் பண்ணுங்க. சப்மிட் பட்டனை அவரே அழுத்தட்டும், ஏன்னா விவரங்கள் உண்மை என்ற உறுதிமொழி அவருடையது.