சடசடப்பு அடங்கும் நேரம்

நெய் காய்ச்சும்போது கண்ணைவிடக் காதுக்குத்தான் வேலை அதிகம். அரைக் கிலோ வெண்ணெயை அடிகனமான பாத்திரத்தில் போட்டு, சிறு தீயில் வையுங்கள். உருகியதும் நுரை பொங்கும், சடசடவென்று சத்தம் கேட்கும். வெண்ணெயில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காக இருக்கும் நீர் கொதித்து வெளியேறும் ஓசை அது. நீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்பதால் எதுவும் கருகாது.

சத்தம் அடங்கியதும் அடுப்பை விட்டு நகராதீர்கள். நீர் போய்விட்டதால் சூடு விறுவிறுவென ஏறும். அடியில் தங்கிய பால் கசடு சிவக்கும். மணம் வருவது இந்தக் கசடு சிவப்பதால்தான். ஒரு கொத்து முருங்கைக்கீரை போட்டால் அது மொறுமொறுப்பாகி நேரத்தைக் காட்டிக்கொடுக்கும். கசடு இளம்பொன்னிறமானதுமே அணைத்துவிடுங்கள். பாத்திரத்தின் சூடே மீதியைச் சிவக்க வைக்கும். கரும்பழுப்பாகிவிட்டால் நெய் கசக்கும், அதைச் சரிசெய்ய வழியில்லை. முன்கூட்டியே இறக்கினால் ஈரம் தங்கி, சில நாளில் புளித்த வாடை வரும்.

சற்று ஆறியதும், துளி ஈரமில்லாத கண்ணாடி ஜாடியில் வடிகட்டுங்கள். சுமார் 400 கிராம் தேறும். முழுக்க ஆறிய பிறகே மூடுங்கள். சூட்டோடு மூடினால் மூடியில் நீர் கோத்து உள்ளே சொட்டும். மெதுவாக ஆறினால் மணல்மணலாக உறையும். வெயில் படாத அலமாரியே போதும். ஈரக் கரண்டியை மட்டும் ஒருபோதும் உள்ளே விடாதீர்கள்.