மருந்து ஆய்வுகளில் ‘சான்றின் உறுதி’: எதனால் குறைக்கப்படுகிறது?

“இந்த ஆய்வில் இறப்பு நாற்பது விழுக்காடு குறைந்ததாகப் போட்டிருக்கிறதே, டாக்டர், அந்த மருந்தை ஏன் தருவதில்லை?” கொரோனா இரண்டாம் அலையின்போது நோயாளிகளின் குடும்பத்தினர் எங்களிடம் அடிக்கடி கேட்ட கேள்வி இது. வேறு நோய்களுக்கும் இதே கேள்வி இன்றும் கைப்பேசியில் வந்த செய்தியோடு வந்துகொண்டிருக்கிறது. கேள்வி நியாயமானது. அதற்கான விடை, பெரும்பாலும், அந்தச் செய்தி எடுத்துக்காட்டாமல் விட்ட ஒரு கட்டத்தில் இருக்கிறது. ‘சான்றின் உறுதி’ என்பது அக்கட்டத்தின் தலைப்பு.

ஒரு மருந்தைப் பற்றி உலகெங்கும் நடந்த ஆய்வுகள் அனைத்தையும் முன்கூட்டியே வகுத்த விதிப்படி தேடித் திரட்டி, தரம் பார்த்து, ஒருங்கே கணக்கிடுவது ‘முறைசார் மீளாய்வு’ எனப்படும். காக்ரேன் என்னும் பன்னாட்டு அமைப்பு இத்தகைய மீளாய்வுகளுக்குப் பெயர்பெற்றது. மீளாய்வின் முடிவுகள் ஒரு சுருக்க அட்டவணையில் தரப்படும். இறப்பு, செயற்கைச் சுவாசத் தேவை, பக்கவிளைவு என ஒவ்வொரு விளைவுக்கும் அதில் ஒரு வரிசை உண்டு. அந்த வரிசையில் எத்தனை ஆய்வுகள், எத்தனை பேர், எவ்வளவு பயன் என்பவற்றோடு, அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதும் குறிக்கப்பட்டிருக்கும்.

2021ஆம் ஆண்டில் வெளியான இரண்டு காக்ரேன் மீளாய்வுகளிலிருந்து ஒவ்வொரு வரிசையை எடுத்துக்கொள்வோம். இரண்டும் கொரோனாவால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டோரின் இறப்பைப் பற்றியவை. முதலாவது, ஐவர்மெக்டின்: 2 ஆய்வுகள், 185 பேர், அபாய விகிதம் 0.60, உறுதி ‘மிகக் குறைவு’. இரண்டாவது, டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மருந்துகள்: 9 ஆய்வுகள், 7,930 பேர், அபாய விகிதம் 0.89, உறுதி ‘மிதமானது’.

அபாய விகிதம் 1 என்றால் மருந்து பெற்றோருக்கும் பெறாதோருக்கும் வேறுபாடில்லை என்று பொருள். 0.60 என்றால் இறப்பு நாற்பது விழுக்காடு குறைவு, 0.89 என்றால் பதினொரு விழுக்காடு குறைவு. இவ்வெண்களை மட்டும் பார்த்தால் ஐவர்மெக்டினே மேலானதாகத் தோன்றும். ஆயினும், ஆக்சிஜன் தேவைப்பட்ட நோயாளிகளுக்கு உலகெங்கும் மருத்துவர்கள் தந்தது ஸ்டீராய்டைத்தான். இதற்கான காரணம் உறுதிக் கட்டத்தில் உள்ளது.

கிரேடு என்னும் மதிப்பீட்டு முறையில் உறுதிக்கு நான்கு படிகள் உண்டு: உயர்வு, மிதம், குறைவு, மிகக் குறைவு. யாருக்கு மருந்து, யாருக்கு இல்லை என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்த ஆய்வுகள் ‘உயர்வு’ என்னும் மேற்படியில் தொடங்கும். பிறகு மீளாய்வு செய்வோர் ஐந்து குறைகளைத் தேடுவர். குறை கண்டால் ஒரு படியோ, கடுமையான குறையானால் இரண்டு படிகளோ இறக்குவர். இறக்கியதற்கான காரணத்தை அட்டவணையின் அடிக்குறிப்பில் எழுதுவர். ஐவர்மெக்டின் வரிசை மேற்படியிலிருந்து கடைசிப் படிவரை இறங்கியது.

அதற்குத் தலையாய காரணம் துல்லியமின்மை. 185 பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. ஒரு கணக்கைக் கற்பனை செய்து பார்ப்போம். பக்கத்திற்குத் தொண்ணூறு பேர். மருந்து பெறாதோரில் 5 பேர் இறக்கின்றனர், பெற்றோரில் 3 பேர் இறக்கின்றனர். விகிதம் 0.60 ஆகிவிடும். மருந்து பெற்றோரில் இன்னும் இருவர் இறந்திருந்தால் 5க்கு 5 ஆகி, பயன் என்பதே மறைந்துபோகும். இரண்டு உயிர்கள் அங்குமிங்கும் மாறுவது தற்செயலாகவே நிகழக்கூடியது. ஆகவே அத்தகைய 0.60 மருந்தின் ஆற்றலைக் காட்டுகிறதா, தற்செயலைக் காட்டுகிறதா என்று பிரித்தறிய இயலாது.

இந்த ஐயத்தின் அளவை அட்டவணையே சொல்லிவிடுகிறது. விகிதத்தின் அருகே ‘நம்பக இடைவெளி’ என்ற இரண்டு எண்கள் இருக்கும். உண்மை விகிதம் எந்த எல்லைக்குள் இருக்கக்கூடும் என்பதை அவை காட்டும். ஐவர்மெக்டினுக்கு அந்த எல்லை 0.14 முதல் 2.51 வரை, ஸ்டீராய்டுக்கு 0.80 முதல் 1.00 வரை. இதை மனிதர்களாக மாற்றிப் பார்ப்பது எளிது. மருந்தில்லாமல் ஆயிரம் பேரில் 100 பேர் இறப்பதாக, கணக்கின் வசதிக்காக மட்டும், வைத்துக்கொள்வோம். ஐவர்மெக்டின் தந்தால் இறப்போர் 14 பேராகவும் இருக்கலாம், 251 பேராகவும் இருக்கலாம். பெரும் நன்மையும் பெருந்தீங்கும் ஒரே வரிசையில் அடங்கியிருக்கின்றன. ஸ்டீராய்டு தந்தால் இறப்போர் 80 முதல் 100 வரை. பயன் சிறிதாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆனால் இறப்பு இரு மடங்காகிவிடும் என்ற அச்சத்திற்கு இடமில்லை.

இரண்டாவது காரணம் ஆய்வு நடத்தப்பட்ட முறை. யார் மருந்து பெறுகிறார் என்பது நோயாளிக்கோ மருத்துவருக்கோ முன்பே தெரிந்துவிட்டால், அறியாமலேயே ஒரு பக்கத்தாருக்குக் கூடுதல் கவனிப்புக் கிடைக்கலாம். உடல்நிலை சற்றே நல்லவர்கள் ஒரு பக்கம் சேர்ந்துவிடலாம். இடையில் விலகியோரைக் கணக்கில் விட்டுவிட்டாலும் முடிவு ஒருபுறமாகச் சாயும். இச்சாய்வை எண்ணிக்கை பெருக்கியும் சரிசெய்ய முடியாது. கோணலான தராசில் நூறு முறை நிறுத்தாலும் எடை தவறாகவே வரும்.

மூன்றாவது காரணம், நோயாளிகள் தனியே நினைவில் கொள்ளத்தக்கது: ஆய்வில் இருந்தவர்கள் யார்? அவர்கள் நம்மைப் போன்றவர்களா? ஸ்டீராய்டு மருந்துக்குக் கிடைத்த சான்றின் பெரும்பகுதி பிரிட்டனில் நடந்த ‘ரெக்கவரி’ ஆய்விலிருந்து வந்தது. அதில் செயற்கைச் சுவாசத்தில் இருந்தோரில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 41.4 விழுக்காட்டினர் 28 நாட்களுக்குள் இறந்தனர். டெக்சாமெத்தசோனும் பெற்றவர்களில் 29.3 விழுக்காட்டினர் இறந்தனர். ஆக்சிஜனே தேவைப்படாதவர்களிலோ நிலைமை வேறு. வழக்கமான சிகிச்சையில் 14.0 விழுக்காடு, டெக்சாமெத்தசோன் பெற்றவர்களில் 17.8 விழுக்காடு. இவ்வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் அவர்களுக்குப் பயன் இருந்ததற்கான அறிகுறி எதுவும் இல்லை.

எனவே மருத்துவமனையில் ஆக்சிஜனில் இருப்பவருக்குக் கிடைத்த சான்றை, வீட்டில் இலேசான காய்ச்சலுடன் இருப்பவருக்குப் பொருத்தும்போது அதன் உறுதி இறங்கிவிடுகிறது. மருந்தும் ஆய்வும் அவையே. பொருத்தப்படும் ஆள் மட்டுமே மாறியிருக்கிறார். 2021இல் பலர் இதை அறியாமல் காய்ச்சல் வந்ததுமே ஸ்டீராய்டு மாத்திரையை வாங்கி உட்கொண்டனர். ஸ்டீராய்டு இரத்தச் சர்க்கரையை உயர்த்தும்; நோய் எதிர்ப்பாற்றலைத் தணிக்கும். அவ்வாண்டு நம் நாட்டில் பரவிய கருப்புப் பூஞ்சைத் தொற்றுக்குக் கட்டுப்படாத சர்க்கரை நோயும் ஸ்டீராய்டின் தவறான பயன்பாடும் முக்கியக் காரணிகளாகக் கருதப்பட்டன.

எஞ்சிய இரண்டு குறைகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஓர் ஆய்வு பெரும்பயன் என்றும், மற்றொன்று பயனில்லை என்றும் சொல்லி, அம்முரண்பாட்டுக்கு விளக்கமும் கிடைக்காவிட்டால் உறுதி குறையும். நல்ல முடிவு தந்த ஆய்வுகள் மட்டும் வெளிவந்து, மற்றவை அலமாரியிலேயே தங்கிவிட்டதாக ஐயம் எழுந்தாலும் குறையும். ஆய்வைத் தொடங்கும் முன்பே பொதுப் பதிவேட்டில் பதிவுசெய்ய வேண்டும் என்று வற்புறுத்துவது இதனால்தான். ஐவர்மெக்டின் மீளாய்வு 2022இல் புதுப்பிக்கப்பட்டபோது, முன்பு சேர்த்திருந்த 14 ஆய்வுகளில் 7 நீக்கப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை அவ்வாறு முன்பதிவு செய்யப்படாதவை.

இவ்விடத்தில் ஒரு தவறான புரிதலை விலக்க வேண்டும். ‘மிகக் குறைவு’ என்பது மருந்து பயனற்றது என்ற தீர்ப்பன்று. நமக்கு இன்னும் தெரியாது என்பதே அதன் பொருள். அவ்வாறே ‘உயர்வு’ என்பது மருந்து நல்லது என்ற சான்றிதழும் அன்று. ஒரு மருந்தால் பயனில்லை என்பதையும் உயர்ந்த உறுதியோடு சொல்ல இயலும். ஐவர்மெக்டினிலேயே அது ஓரளவு நிகழ்ந்தது. பெரிய ஆய்வுகள் வந்த பிறகு, மருத்துவமனையில் சேராத நோயாளிகளுக்கு அதனால் பயனில்லை என்பதைச் சில விளைவுகளில் குறைந்த உறுதியோடும், சிலவற்றில் உயர்ந்த உறுதியோடும் 2022 மீளாய்வு கூறியது. மருத்துவமனையில் சேர்ந்தோரின் இறப்பைப் பொறுத்தவரை, ‘தெரியவில்லை’ என்ற நிலையே அப்போதும் தொடர்ந்தது. ஒரே மருந்துக்கு ஒரே அட்டவணையில் வரிசைக்கு வரிசை உறுதி மாறுபடும் என்பதற்கு இது சான்று.

உறுதி குறைந்த சிகிச்சையை நாங்கள் ஒருபோதும் தருவதில்லை என்றும் கொள்ள வேண்டா. அரிய நோய்களில் பெரிய ஆய்வு நடத்தவே போதிய நோயாளிகள் இருப்பதில்லை. வேறு வழியில்லாதபோது, தீங்கு சிறிதாயிருந்தால், குறைந்த உறுதியுள்ள சிகிச்சையையும் உங்களோடு கலந்து முடிவுசெய்கிறோம். அப்போது பயன் உறுதியற்றது என்பதை முன்பே சொல்லிவிடுவது எங்கள் கடமை.

அடுத்த முறை ஓர் ஆய்வுச் செய்தி உங்கள் கைக்கு வந்தால், அதை எங்களிடம் தயங்காமல் கொண்டுவாருங்கள். வரும்போது மூன்றை மட்டும் பார்த்துவாருங்கள். மொத்தம் எத்தனை பேர் ஆய்வில் இருந்தனர்? நம்பக இடைவெளியின் இரு எண்களுக்கு நடுவே 1 அகப்பட்டிருக்கிறதா? உறுதி எந்தப் படியில் உள்ளது, அது இறங்கியதற்கு அடிக்குறிப்பு என்ன காரணம் சொல்கிறது? பிறகு, “ஆய்வில் இருந்தவர்களின் நிலையும் என் நிலையும் ஒன்றா?” என்று எங்களைக் கேளுங்கள். அந்த நான்காவது கேள்விக்கு அட்டவணையில் முழு விடை இராது. உங்கள் மருத்துவக் குறிப்பேட்டையும் அட்டவணையையும் அருகருகே வைத்துத்தான் அதற்கு விடை காண வேண்டும்.