கட்டி முடியாத ஃப்ளாட்டை ரீசேல்ல வாங்குறீங்களா? முதல்ல லெட்ஜரைக் கேளுங்க

ஓ.எம்.ஆர், பெரும்பாக்கம், பூந்தமல்லி பக்கம் இடம் தேடுறவங்க கண்ணில் இந்த மாதிரி விளம்பரம் கண்டிப்பா பட்டிருக்கும்: "ஓனர் டைரக்ட், பில்டர் ரேட்டை விடக் குறைவு, இன்னும் ஆறு மாசத்துல ஹேண்ட்ஓவர்." நாலஞ்சு வருஷம் முன்னாடி புக் பண்ணவர், வேலை மாறியோ இ.எம்.ஐ தாங்காமலோ வெளியே வரப் பார்க்கிறார். இதை வாங்கலாமான்னு நிறைய பேர் கேட்கிறீங்க. வாங்கலாம். ஆனா அங்கே விற்பனைக்கு இருப்பது வீடு இல்லை. அவருக்கும் பில்டருக்கும் நடுவில் ஓடிக்கிட்டிருக்கிற ஒரு ஒப்பந்தம்தான் விற்பனைக்கு வருது. அதிலுள்ள பாக்கி, வட்டி, உரிமை, அவர் ஏற்கனவே விட்டுக்கொடுத்தது எல்லாமே உங்க பேருக்கு மாறும். அதனால மாடல் ஃப்ளாட்டைப் பார்க்கப் போறதுக்கு முன்னாடி காகிதத்தைப் பார்க்கணும்.

"85% கட்டிட்டேன்" என்றால் என்ன அர்த்தம்?

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்குத்தான். 1,150 சதுர அடி ஃப்ளாட், ஒப்பந்த விலை 72 லட்சம், அதுக்கு மேல 5% ஜி.எஸ்.டி. விற்பவர், "85% கட்டிட்டேன், ஜி.எஸ்.டியோட சேர்த்து 64 லட்சத்துக்கு மேல ஆச்சு, 66 கொடுத்தா போதும்" என்கிறார். நீங்க மனக்கணக்கு போடுறீங்க. மீதி 15% என்பது 10.80 லட்சம், ஜி.எஸ்.டி 54 ஆயிரம், ஆக 11.34 லட்சம். மொத்தம் 77.34 லட்சத்தில் வீடு கைக்கு வரும்னு தோணுது.

இப்போ பில்டரிடமிருந்து கஸ்டமர் லெட்ஜரை வாங்கிப் பாருங்க. பில்டர் 85% வரைக்கும் டிமாண்ட் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். ஆனா வந்து சேர்ந்தது 80% தான். கடைசி டிமாண்ட் கட்டப்படவே இல்லை. விற்பவர் பொய் சொன்னார்னு சொல்ல முடியாது. டிமாண்ட் வந்ததையும் பணம் கட்டியதையும் ஒண்ணா நினைச்சுப் பேசுறவங்க நிறைய. ஆனா உங்களுக்கு மீதி 20% ஆகிடுச்சு. ஜி.எஸ்.டியோட 15.12 லட்சம். பழைய தவணைகளைத் தாமதமா கட்டியதுக்கு வட்டின்னு 1.10 லட்சம் லெட்ஜரில் நிற்கிறது. பெயர் மாற்ற பில்டர் சதுர அடிக்கு 100 ரூபாய் டிரான்ஸ்ஃபர் சார்ஜ் கேட்கிறார். 1.15 லட்சம், அதுக்கு 18% ஜி.எஸ்.டி, சேர்த்து சுமார் 1.36 லட்சம். அப்புறம் விளம்பரத்தில் யாரும் சொல்லாத ஹேண்ட்ஓவர் செலவுகள்: கார்ப்பஸ் ஃபண்ட், முன்கூட்டிய மெயின்டனன்ஸ், மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு. 4.50 லட்சம்னு வைப்போம்.

இப்போ கூட்டினா 88.08 லட்சம். நீங்க நினைச்சதை விட கிட்டத்தட்ட 10.75 லட்சம் அதிகம், இன்னும் பத்திரச் செலவு சேரவே இல்லை.

அதனால பில்டரிடம் கேட்க வேண்டியது "எவ்வளவு பாக்கி?" என்ற வாய்க்கேள்வி இல்லை. கம்பெனி சீல், கையெழுத்து, தேதியோட லெட்ஜர். கூடவே, ஹேண்ட்ஓவர் நாள் வரைக்கும் வரப்போகிற எல்லாத் தொகையையும் எழுதிய ஒரு கடிதம். விற்பவரிடம் ஒவ்வொரு தவணைக்கும் ரசீதும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் வாங்கி லெட்ஜரோட ஒப்பிடுங்க.

அந்த 1.10 லட்சம் வட்டியை அப்படியே ஒத்துக்க வேண்டாம். எந்த விகிதத்தில் போட்டாங்கன்னு பாருங்க. பழைய ஒப்பந்தங்களில் 18%, 24% கூட இருக்கும். ரெரா சட்டப்படி வாங்குறவர் தாமதிச்சாலும் பில்டர் தாமதிச்சாலும் வட்டி விகிதம் ஒண்ணுதான். தமிழ்நாட்டு விதியில் அது ஸ்டேட் பேங்கின் உச்ச எம்.சி.எல்.ஆர் விகிதத்தோட 2% சேர்த்தது. இதைச் சொல்லி மறுகணக்கு கேட்கலாம்.

தாமத வட்டி யாருக்கு?

அதே வட்டி விகிதம் உங்க பக்கமும் வேலை செய்யும். பெரும்பாலானவங்க கோட்டை விடும் இடம் இதுதான்.

நம்ம உதாரணத்தில் ஒப்பந்தப்படி வீடு ஒப்படைக்க வேண்டிய தேதி, கிரேஸ் பீரியடையும் சேர்த்து, 2022 செப்டம்பர் 30. வீடு வரலை. திட்டத்தில் தொடர விரும்புகிற அலாட்டிக்கு, ஒப்படைக்கிற வரைக்கும் ஒவ்வொரு மாதத் தாமதத்துக்கும் பில்டர் வட்டி கொடுக்கணும் என்கிறது ரெரா சட்டத்தின் 18-ஆம் பிரிவு. கட்டிய 57.60 லட்சத்துக்கு 11% என்று எடுத்துக்கிட்டா மாதம் 52,800 ரூபாய். மூணு வருஷத்துக்கு 19 லட்சம். அவர் உங்ககிட்ட கேட்கிற லாபத்தை விட இது பெரிய தொகை.

ரீசேல்ல வாங்கியவருக்கு இந்த உரிமை உண்டா? ரெரா சட்டத்தில் அலாட்டி என்பதற்கான விளக்கத்திலேயே, பின்னால் அந்த ஒதுக்கீட்டை வாங்குறவரும் அடக்கம். 2021-ல் லாரியேட் பில்ட்வெல் வழக்கில் உச்ச நீதிமன்றம், "இரண்டாவதா வந்தவர்" என்ற ஒரே காரணத்துக்காக வட்டியை மறுக்க முடியாதுன்னு சொன்னது. ஆனா அந்தத் தீர்ப்பில் இன்னொரு பாதி இருக்கு. ஒதுக்கீடு கை மாறியது பில்டருக்குத் தெரிய வந்த தேதியிலிருந்துதான் வட்டி கணக்கானது. அதனால அந்த 19 லட்சமும் நமக்கு வந்துடும்னு எண்ணி விலையைப் பேசாதீங்க. பில்டர் உங்க பெயரை ஏற்று எண்டார்ஸ்மென்ட் போட்டுக் கொடுக்கிற தேதிதான் உங்க கணக்கின் முதல் நாள். விற்பவருக்குப் பணம் போய், பில்டர் அலுவலகத்தில் பெயர் மாறாம நாலு மாசம் கிடந்தா, அந்த நாலு மாசம் யாருக்கும் இல்லாம போகலாம்.

இதை வச்சு விற்பவரிடம் கேட்க வேண்டியவை. தாமதத்துக்காக ரெராவிலோ நுகர்வோர் ஆணையத்திலோ புகார் போட்டிருக்கீங்களா, உத்தரவு வந்திருக்கா? பில்டர் ஏதாவது தள்ளுபடி கொடுத்து, "இனி கோரிக்கை இல்லை" என்ற கடிதத்தில் கையெழுத்து வாங்கினாரா? புதிய ஒப்படைப்புத் தேதியை ஒத்துக்கிட்டு மெயில் அனுப்பியிருக்கீங்களா? இந்த மூணுக்கும் "ஞாபகம் இல்லை" என்று பதில் வந்தா, பில்டரோட நடந்த மெயில் எல்லாத்தையும் ஃபார்வர்டு பண்ணச் சொல்லுங்க. அவர் விட்டுக்கொடுத்ததை நீங்க திரும்பக் கேட்பது கஷ்டம். இதுவரையிலான தாமத வட்டி யாருக்குச் சேரும் என்பதையும் உங்க இருவருக்குமான ஒப்பந்தத்தில் ஒரு வரியா எழுதிடுங்க.

எண்டார்ஸ்மென்ட்டா, புது புக்கிங்கா?

பில்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகளில் எனக்கு முக்கியமா படுவது இதுதான். சில பில்டர்கள் பழைய ஒப்பந்தத்திலேயே உங்க பெயரை ஏற்றுவாங்க. சிலர், "சார், பழசை கேன்சல் பண்ணிட்டு உங்களுக்கு ஃப்ரெஷ் அக்ரிமென்ட் போட்டுடலாம், நீட்டா இருக்கும்" என்பாங்க. நீட்டா இருப்பது அவங்களுக்குத்தான். புது ஒப்பந்தத்தில் புதுத் தேதி வரும். 2022 செப்டம்பர் மறைஞ்சு 2027 டிசம்பர் வந்துட்டா, அதுவரைக்கும் சட்டத்தின் பார்வையில் தாமதமே இல்லை. ரத்து, புது ஒப்பந்தம் என்று போனா ஜி.எஸ்.டியையும் புதுசா கேட்பாங்களா, பழையது எப்படி வரவு வைக்கப்படும் என்பதையும் எழுத்தில் வாங்கணும்.

எண்டார்ஸ்மென்ட் வழியிலும் ஒரு கண்ணி உண்டு. டிரான்ஸ்ஃபருக்கு பில்டர் தருகிற அண்டர்டேக்கிங் ஃபார்மை, கையெழுத்துப் போடுற நாளில் கவுன்டரில் வச்சுப் படிக்காதீங்க. ஒரு வாரம் முன்னாடியே மெயிலில் கேளுங்க. "திருத்தப்பட்ட ஒப்படைப்புத் தேதியை ஏற்கிறேன், கடந்த காலத் தாமதத்துக்கு எந்தக் கோரிக்கையும் வைக்க மாட்டேன்" என்ற வரி நடுப்பக்கத்தில் இருக்கும். அதை நீக்கி, "அசல் ஒப்பந்தத்தின் விதிகள் அப்படியே தொடரும்" என்று போடச் சொல்லுங்க. ஒத்துக்க மாட்டேங்கிறாங்கன்னா, அந்த உரிமை இல்லாத ஃப்ளாட்டுக்கு என்ன விலையோ அதை மட்டும் விற்பவரிடம் பேசுங்க.

ரெரா தளத்தில் திட்டத்தின் பதிவு எண்ணைப் போட்டு, பதிவு எந்தத் தேதி வரை செல்லும், நீட்டிப்பு வாங்கியிருக்காங்களா, காலாண்டு விவரங்கள் ஏறியிருக்கான்னும் பாருங்க. பில்டர் சொல்கிற தேதியும் அங்கே இருக்கிற தேதியும் ஒத்துப் போகணும்.

யு.டி.எஸ் யார் பேரில்?

சென்னையில் நிலத்தின் பிரிபடாத பங்கை, அதாவது யு.டி.எஸ்ஸை, முதலில் பத்திரம் பண்ணிட்டு கட்டுமானத்துக்குத் தனி ஒப்பந்தம் போடுற பழக்கம் ரொம்ப நாளா இருந்தது. உங்க விற்பவர் 2019-லோ 2020-லோ வாங்கியிருந்தா யு.டி.எஸ் அவர் பேரில் பதிவாகியிருக்க வாய்ப்பு அதிகம். அப்படின்னா பில்டரின் எண்டார்ஸ்மென்ட் கடிதத்தால் மட்டும் நிலம் உங்களுக்கு வராது. அவர் உங்களுக்கு யு.டி.எஸ் கிரயப் பத்திரம் பதிஞ்சு தரணும். அதுக்கு முத்திரைத்தாள் 7%, பதிவுக்கட்டணம் 2%. கட்டுமான ஒப்பந்தத்தை மாற்ற பில்டரும் கையெழுத்துப் போடுற முத்தரப்பு ஒப்பந்தம் தனி. வில்லங்கச் சான்றிதழில் அவர் பெயர் ஏறியிருக்கான்னு பார்த்தாலே இது தெரிஞ்சுடும்.

இதுக்கு நேர்மாறா, பதிவான ஒப்பந்தமே இல்லாம வெறும் அலாட்மென்ட் லெட்டரை நீட்டுறவங்களும் உண்டு. பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாம விலையில் 10%-க்கு மேல பில்டர் வாங்கவே கூடாது என்பது ரெரா விதி. 80% கட்டியும் ஒப்பந்தம் இல்லைன்னா, உங்களுக்குப் பிடிச்சுக்க ஒப்படைப்புத் தேதியே இல்லை. அந்த டீலை நான் தொட மாட்டேன்.

பணம் எந்த வரிசையில் போகணும்

விற்பவருக்கு வீட்டுக்கடன் இருந்தா அசல் ஆவணங்கள் பேங்கில் இருக்கும். ஃபோர்குளோஷர் லெட்டர் வாங்கி, கடன் பாக்கியை அவர் கையில் கொடுக்காம நேரா அந்தக் கடன் கணக்குக்கே செலுத்துங்க. பில்டர் மொத்தத் திட்டத்தையும் ஒரு நிதி நிறுவனத்திடம் அடமானம் வச்சிருந்தா, உங்க ஃப்ளாட் எண் போட்ட என்.ஓ.சி அங்கிருந்தும் வேணும். பில்டரின் எழுத்துபூர்வ சம்மதம் வரும் வரை சின்ன டோக்கன் மட்டும். பெரிய தொகை, பில்டர் அலுவலகத்தில் மூணு பேரும் உட்கார்ந்து எண்டார்ஸ்மென்ட்டும் பத்திரமும் நடக்கிற நாளில்.

தொகை 50 லட்சத்தைத் தொட்டா 1% டி.டி.எஸ் பிடிச்சுக் கட்டிடுங்க. "உரிமையைத்தானே மாத்துறோம், இது சொத்து இல்லையே" என்று வாதம் பண்ண இடமிருக்கு. ஆனா நோட்டீஸ் வந்தா பதில் சொல்ல வேண்டியது வாங்குறவர். விற்பவர் என்.ஆர்.ஐ என்றால் இந்த 1% கணக்கு பொருந்தாது, விகிதமே வேற. பணம் கொடுக்கிறதுக்கு முன்னாடி உங்க ஆடிட்டரைப் பாருங்க.

லாபத் தொகையை மட்டும் ரொக்கமா கேட்கிறவங்களும் இருக்காங்க. சொத்து மாற்றத்தில் 20,000 ரூபாயும் அதுக்கு மேலும் ரொக்கமா வாங்கினா அதே அளவு அபராதம் வாங்கியவருக்கு விழலாம். கொடுத்த உங்களுக்கோ ரசீது இருக்காது. நாளைக்கு நீங்க விற்கும்போது அந்த ஐந்தரை லட்சத்தை அடக்கவிலையில் காட்ட முடியாம, அதுக்கும் சேர்த்து மூலதன ஆதாய வரி கட்டுவீங்க.